கேட்காமல் வரும் மின்னஞ்சல்: அனுப்பும் கடைக்காரர் அறிய வேண்டிய சட்டம்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தேக்கா வட்டாரக் கடைகளின் விளம்பரங்கள் வாடிக்கையாளர்களைத் தேடிப் புறப்பட்டுவிடுகின்றன. முன்பு கடைவாசலில் துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். இன்று கணினியில் ஒரு பட்டியலைத் திறந்து ஒரே சொடுக்கில் ஆயிரம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது, அதிலுள்ளவர்கள் இந்த மின்னஞ்சலைக் கேட்டார்களா, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி உண்டா என்ற மூன்று கேள்விகளையும் சட்டம் கேட்கிறது.

சிங்கப்பூரில் இதற்கு இரண்டு சட்டங்கள் உள்ளன. ஒன்று, 2007 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ள ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம். வேண்டாத விளம்பரங்களை மொத்தமாக அனுப்புவதை அது ஒழுங்குபடுத்துகிறது. மற்றொன்று, 2012ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2ஆம் தேதி நடப்புக்கு வந்தன. முதல் சட்டம் மின்னஞ்சலைப் பார்க்கிறது. இரண்டாவது சட்டம், மின்னஞ்சல் முகவரி கைக்கு வந்த விதத்தைப் பார்க்கிறது. பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

இன்னொரு குழப்பமும் உண்டு. "அழைக்க வேண்டாம்" பதிவகத்தில் பெயர் கொடுத்துவிட்டால் விளம்பர மின்னஞ்சலும் நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பதிவகம் தொலைபேசி எண்களுக்கானது. அழைப்பு, குறுந்தகவல், தொலைநகல் ஆகியவற்றோடு அதன் வேலை முடிந்தது. மின்னஞ்சல் அதில் சேராது.

ஒரே ஒரு மின்னஞ்சல்

சட்டத்தைப் பிரிவு பிரிவாகச் சொல்வதைவிட, உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைச் சொன்னால் விஷயம் எளிதில் விளங்கும்.

வெளிநாட்டில் மாணவர் தங்கும் விடுதிகளில் முதலீடு செய்யும் ஒரு நிதியில் ஒருவர் பணம் போட்டிருந்தார். அந்த நிதியை நடத்திய நிறுவனக் குழுமத்தில் வேலை பார்த்த அலுவலர் ஒருவர் 2017ல் விலகி, போட்டி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். 2018ல் அவர் முதலீட்டாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அந்த நிதியிலிருந்து முதலீடு வெளியேறும் காலம் நெருங்குவதைக் குறிப்பிட்டு, அதன்பின் புதிய வாய்ப்புகளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பது அதன் சாரம். வந்து சேர்ந்தது முதலீட்டாளரின் தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரிக்கு.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது சாதாரண அறிமுகக் கடிதம்தான். மரியாதையாக எழுதப்பட்டது, தொல்லை என்று சொல்லும் அளவுக்கு எண்ணிக்கையும் இல்லை. ஆனால் பெற்றவருக்கு வேறு கவலை. தன் பெயர், தனிப்பட்ட முகவரி, எந்த நிதியில் பணம் போட்டிருக்கிறோம் என்ற விவரம் மூன்றும் முன்பின் தொடர்பில்லாத நிறுவனத்தின் கையில் எப்படிப் போனது? அவர் கேட்டார். நழுவலான பதில்களே வந்தன. இனி என் விவரங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதிமொழி எழுதிக் கொடுங்கள் என்றார். அதுவும் கிடைக்கவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது.

மாவட்ட நீதிமன்றம் 2019ல் தடையுத்தரவு கொடுத்தது. 2021ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தனிமனிதர் வழக்குப் போட வேண்டுமென்றால் "இழப்பு அல்லது சேதம்" நேர்ந்திருக்க வேண்டும். பணநட்டம் இல்லாத வெறும் மனவருத்தம் அதில் சேராது என்பது உயர் நீதிமன்றத்தின் பார்வை. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை மாற்றியது. மனவேதனையும் இழப்புதான் என்று அது தீர்ப்பளித்துத் தடையுத்தரவை மீண்டும் நிலைநாட்டியது. "நான் வெறும் ஊழியன்" என்ற வாதமும் அனுப்பியவருக்குக் கைகொடுக்கவில்லை.

நேயர்கள் இந்தத் தீர்ப்பின் எல்லையையும் கவனிக்க வேண்டும். தகவல் நம் கட்டுப்பாட்டை விட்டுப் போய்விட்டது என்பது மட்டும் இழப்பாகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. அற்பமான எரிச்சல் போதாது. உண்மையான மனவேதனை என்று காட்ட வேண்டும். இந்த வழக்கில் முதலீட்டு விவரம் அந்தரங்கமானது, கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் இல்லை, உறுதிமொழி மறுக்கப்பட்டது. இவை சேர்ந்துதான் பாரத்தைக் கூட்டின. "தவறிவிட்டது, உங்கள் விவரங்களை நீக்கிவிட்டோம்" என்று உடனே எழுதியிருந்தால், இது மூன்று நீதிமன்றங்கள் ஏறியிருக்குமா என்பது சந்தேகமே.

இந்த வழக்கு முதலீட்டு நிறுவனங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நகைக்கடையில் விற்பனையாளர், பயண முகவர் அலுவலகத்தில் உதவியாளர், காப்புறுதி முகவர் என யார் வேலை மாறும்போதும் வாடிக்கையாளர் பட்டியல் கைத்தொலைபேசியில் கூடவே போகிறது. "நான் பார்த்துப் பழகியவர்கள்தானே" என்பது பேச்சுக்குச் சரி. வாடிக்கையாளர் தம் விவரத்தைக் கொடுத்தது பழைய கடைக்கு, பழைய காரியத்துக்கு.

நூறைத் தாண்டினால் மொத்தம்

மேற்சொன்ன மின்னஞ்சலை ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பிடிக்க முடியாது. அந்தச் சட்டத்தின் விளம்பர விதிகள் மொத்தமாக அனுப்பப்படுபவற்றுக்கே பொருந்தும். ஒரே பொருளையோ ஏறக்குறைய அதே பொருளையோ பற்றி 24 மணி நேரத்தில் 100க்கு மேல், அல்லது 30 நாளில் 1,000க்கு மேல், அல்லது ஓராண்டில் 10,000க்கு மேல் அனுப்பினால் அது மொத்த அனுப்புதல்.

அப்படி அனுப்புவதைச் சட்டம் தடை செய்யவில்லை என்பதுதான் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. நிபந்தனைகளோடு அனுப்பச் சொல்கிறது. தலைப்பு வரியின் தொடக்கத்தில் விளம்பரம் என்று காட்டும் அடையாளம் இருக்க வேண்டும், இப்படி:

```
<ADV> Deepavali silk sale
```

தலைப்பு உள்ளடக்கத்தைத் திரித்துக் காட்டக்கூடாது. "உங்கள் ஆர்டர் பற்றி" என்று தலைப்பிட்டு உள்ளே தள்ளுபடி விளம்பரம் வைப்பது தவறு. அனுப்பியவர் யார் என்பது பொய்யாக இருக்கக்கூடாது. அவரை எளிதில் தொடர்புகொள்ள, உண்மையில் இயங்கும் மின்னஞ்சல் முகவரியோ தொலைபேசி எண்ணோ இருக்க வேண்டும்.

அடுத்தது, விலகிக்கொள்ளும் வழி. எங்கே சொன்னால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும் என்பதைத் தெளிவாக, கண்ணில் படும்படி எழுத வேண்டும். மின்னஞ்சல் முகவரி, இணைய இணைப்பு, தொலைபேசி எண், தொலைநகல் எண், அஞ்சல் முகவரி இவற்றுள் ஒன்று போதும். அந்த வழி, மின்னஞ்சல் போன நாளிலிருந்து குறைந்தது 30 நாளாவது வேலை செய்ய வேண்டும். விலகுவதற்குத் தனிக் கட்டணம் வாங்கக்கூடாது. கோரிக்கை வந்து 10 வேலை நாட்கள் கடந்தபின் அந்த முகவரிக்கு ஒரு விளம்பரமும் போகக்கூடாது. விலகியவர் கொடுத்த விவரத்தை அவர் சம்மதமின்றி வேறொருவருக்குக் கொடுக்கவும் கூடாது.

தமிழில் விளம்பரம் அனுப்புவோர் தவறவிடும் ஒரு விதி இதில் இருக்கிறது. விலகும் வழியைச் சொல்லும் அந்த வாசகம் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். இரண்டு மூன்று மொழிகளில் போடலாம், அவற்றுள் ஒன்று ஆங்கிலமாக இருக்க வேண்டும். மின்னஞ்சல் முழுவதும் நல்ல தமிழில் இருந்து, விலகும் வாசகமும் தமிழில் மட்டுமே இருந்தால் அது குறைபாடுதான்.

இன்னொன்று: பெருக்கும் மென்பொருளைக் கொண்டு இணையப் பக்கங்களிலிருந்து முகவரிகளை அள்ளுவதும், பெயர்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிப் போட்டு முகவரிகளை உருவாக்கி அனுப்புவதும் அறவே தடை. அங்கே நூறு என்ற கணக்கே இல்லை. `<ADV>` போட்டாலும் மன்னிப்பில்லை. இணையதளத்தில் முகவரி வெளியிட்டிருப்பதாலேயே ஒருவர் விளம்பரத்துக்குச் சம்மதித்துவிட்டார் என்று கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை.

ஒரு சேலைக் கடையின் பட்டியல்

இவை நடைமுறையில் எப்படிப் பொருந்தும் என்று பார்க்க, கேம்பல் லேனில் ஒரு சேலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தீபாவளி விற்பனைக்கு 830 முகவரிகள் கொண்ட ஒரு கோப்பு தயார். கடைக்காரருக்கு அது ஒரே பட்டியல். சட்டத்தின் கண்ணுக்கு அது நான்கு குவியல்.

முதல் குவியலில் 180 பேர். பணம் கட்டும் இடத்தில் "புதிய சரக்கு, தள்ளுபடி பற்றி எனக்கு மின்னஞ்சல் அனுப்பலாம்" என்ற கட்டத்தில் தாமாகவே குறியிட்டவர்கள். இவர்களுக்கு அனுப்புவதில் சிக்கல் இல்லை. அந்தக் காகிதத்தையோ பதிவையோ தேதியோடு பத்திரமாக வைத்திருப்பது நல்லது. சம்மதம் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம் என்பதால், இவர்களுக்கும் விலகும் வழி இருக்க வேண்டும். கட்டத்தில் கடைக்காரரே முன்கூட்டிக் குறியிட்டு வைத்திருந்தால் அந்தச் சம்மதம் வலுவிழந்துவிடும். "மின்னஞ்சல் கொடுத்தால்தான் பில் போடுவோம்" என்பதும் கூடாது. ஒரு பொருளை விற்க அவசியமில்லாத தகவலுக்குச் சம்மதத்தை நிபந்தனையாக்கச் சட்டம் இடம் தரவில்லை.

இரண்டாவது குவியலில் 240 பேர். சென்ற ஆண்டு அதிர்ஷ்டக் குலுக்கலில் சீட்டு நிரப்பிப் போட்டவர்கள். சீட்டில் "பரிசு பெற்றவருக்குத் தெரிவிக்க" என்று மட்டும் அச்சிட்டிருந்தது. மின்னஞ்சல் முகவரி கையில் இருந்தாலும், அது கொடுக்கப்பட்ட காரியம் குலுக்கலோடு முடிந்தது. விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் சீட்டு நிரப்பும்போதே அதைச் சொல்லிச் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். குலுக்கல் சீட்டில் அடையாள அட்டை எண்ணை முழுதாகக் கேட்கும் பழைய வழக்கத்துக்கும் 2019 செப்டம்பர் முதல் ஆணையத்தின் வழிகாட்டி இடம் தரவில்லை. 2021 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தங்கள் சில சூழல்களில் நேரடிச் சம்மதமின்றித் தகவலைப் பயன்படுத்த வழி திறந்தன. அறிவித்துவிட்டு மறுப்பு வராவிட்டால் சம்மதமாகக் கொள்வது அவற்றுள் ஒன்று. ஆனால் விளம்பரம் அனுப்ப அந்த வழியைப் பயன்படுத்த முடியாது.

மூன்றாவது குவியல்தான் ஆபத்தானது. 350 முகவரிகள், ஓர் இடைத்தரகரிடம் காசு கொடுத்து வாங்கியவை. "எல்லாம் சம்மதம் வாங்கியவைதான்" என்பது தரகர் வாய்மொழி. அந்த 350 பேர் யாரிடம், எந்தத் தேதியில், எதற்குச் சம்மதித்தார்கள் என்று எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அதுவே பட்டியலின் தரத்தைக் காட்டிவிடும். அந்த முகவரிகள் மென்பொருள் கொண்டு அள்ளப்பட்டவையாக இருந்தால், அனுப்பும் கடையும் தப்ப முடியாது. தனிநபர் பட்டியல்களை வாங்கி விற்ற ஒருவருக்கு 2018ல் தகவல் பாதுகாப்பு ஆணையம் 6,000 வெள்ளி அபராதம் விதித்தது. தனியாளாகத் தொழில் செய்தாலும் சட்டம் விடாது என்பதற்கு அது சான்று. இந்தக் குவியலை அழித்துவிடுவதே கடைக்காரருக்கு நல்லது. கொடுத்த காசைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான்காவது குவியலில் 60 பேர். பண்டிகை அன்பளிப்புகள் வாங்கக்கூடிய நிறுவனங்களின் அலுவலர்கள். பெயர் அட்டையில் இருக்கும் அலுவலக மின்னஞ்சல்கள். "தொழில் தொடர்பு விவரம்" என்று தகவல் பாதுகாப்புச் சட்டம் இவற்றைத் தனியாகப் பிரித்து, சம்மத விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் அட்டையை எதற்குக் கொடுத்தார் என்பது முக்கியம். அதே அலுவலர் தம் மகளின் நடன வகுப்பில் பதிவதற்காகப் பெயர் அட்டையை நீட்டியிருந்தால், அது சொந்தக் காரியம். விலக்கு அங்கே செல்லாது.

அந்த 60 பேருக்கு `<ADV>` தேவையா? அறுபது நூறைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் நூறு என்ற கணக்கு, ஒரே பொருள் பற்றி அனுப்பப்படும் மின்னஞ்சல்களின் கணக்கு. கேட்டவர்கள் 180 பேருக்கும் இந்த 60 பேருக்கும் அதே நாளில் அதே விளம்பரம் போனால் மொத்தம் 240. எல்லைக்கோடு தாண்டிவிட்டது. கேட்காத 60 பேருக்குப் போகும் மின்னஞ்சலில் அடையாளமும் விலகும் வாசகமும் இருந்தாக வேண்டும். எண்ணிக்கையை நூலிழையில் அளந்துகொண்டிருப்பதைவிட எல்லாவற்றிலும் அவற்றைப் போட்டுவிடுவது எளிது.

ஆக, 830ல் மிஞ்சுவது 240. வேலையை ஒரு விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தானே அனுப்பினாலும், பிறரைக் கொண்டு அனுப்பச் செய்தாலும், அனுமதி கொடுத்தாலும் ஸ்பேம் சட்டத்துக்கு ஒன்றுதான்.

விலகியவர் திரும்பி வரும் மர்மம்

"மூன்று முறை விலகிவிட்டேன், மறுபடியும் வருகிறது" என்பது பலரின் புலம்பல். பெரும்பாலும் இதற்குக் காரணம் அடாவடி அல்ல, கோப்பு நிர்வாகம். விலகியவர் பெயரைக் கடை ஊழியர் பட்டியலிலிருந்து அழித்துவிடுகிறார். அடுத்த மாதம் பழைய கோப்பின் பிரதி ஒன்று மறுபடி ஏற்றப்படுகிறது. அழித்த பெயருக்குத் தடயம் இல்லாததால், அவர் புதியவர்போலத் திரும்ப வந்துவிடுகிறார்.

அதனால் அனுபவசாலிகள் விலகியவர்களின் முகவரியை மட்டும் ஒரு தனித் தடுப்புப் பட்டியலில் வைக்கிறார்கள். பெயர், வாங்கிய பொருள் போன்ற மற்ற விவரம் எதுவும் அதில் வேண்டாம். ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்குமுன் கோப்பை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும். கடையில் இரண்டு கணினிகளில் இரண்டு கோப்புகள் இருந்தால் இந்த ஏற்பாடு பயனற்றுப் போகும்.

அனுப்பும்போது நேரும் விபத்து ஒன்றும் உண்டு. முகவரிகளை எல்லாம் `Bcc` கட்டத்தில் போடுவதற்குப் பதிலாக `To` அல்லது `Cc` கட்டத்தில் ஒட்டிவிட்டால், எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். 240 பேரின் முகவரிகள் 240 பேருக்கு. இது தகவல் கசிவு. பாதிக்கப்பட்டோர் 500 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, அவர்களுக்குப் பெருந்தீங்கு நேரக்கூடும் என்றாலோ ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2021 முதல் கட்டாயம். தெரிவிக்க வேண்டியது என்று உறுதியானபின் மூன்று நாள் அவகாசம்தான். கடை சிறியதானாலும், தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஓர் அதிகாரியை நியமித்து அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும். முதலாளியே அந்தப் பொறுப்பை ஏற்கலாம்.

தண்டனையும் நிவாரணமும்

ஸ்பேம் விதிகளை மீறினால் காவல்துறை வருவதில்லை. இழப்புற்றவர் உரிமையியல் வழக்குப் போடலாம். ஒரு மின்னஞ்சலுக்கு 25 வெள்ளிவரை, மொத்தம் பத்து லட்சம் வெள்ளிவரை நீதிமன்றம் இழப்பீடு விதிக்கலாம். உண்மையான இழப்பு அதைவிட அதிகம் என்று நிரூபித்தால் உச்சவரம்பு தடையல்ல. இரண்டு விளம்பரம் வந்த தனிமனிதருக்கு இந்தக் கணக்கில் 50 வெள்ளி. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் டாக்சிக்கும் தேநீருக்கும் சரியாகிவிடும். ஆயிரக்கணக்கில் குப்பை வந்து விழும் இணையச் சேவை நிறுவனங்களுக்கே இந்தப் பிரிவு பயன்படும்.

தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கை நீளம். ஆணையமே விசாரித்து, தகவலைப் பயன்படுத்துவதை நிறுத்தவும் அழிக்கவும் உத்தரவிடலாம். பத்து லட்சம் வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். உள்நாட்டு ஆண்டு வருமானம் ஒரு கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்களுக்கு, 2022 அக்டோபர் முதல், அந்த வருமானத்தில் பத்து விழுக்காடுவரை உச்சவரம்பு உயரலாம்.

கடைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இருந்தால் அந்தந்த நாட்டுச் சட்டமும் வரும். டொரொண்டோவில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் சேலை விற்க நினைப்பவர், `<ADV>` போட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது. 2014 ஜூலை முதல் கனடாவில் முன்கூட்டிச் சம்மதம் தேவை. பிரிட்டனிலும் தனிமனிதர்களுக்கு அனுப்ப அதே நிலைதான், ஏற்கனவே பொருள் வாங்கியவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு.

பெறுபவர் செய்யக்கூடியவை சில. தெரிந்த கடையின் மின்னஞ்சல் என்றால் அதிலுள்ள `Unsubscribe` இணைப்பைப் பயன்படுத்தி, அந்தத் தேதியைக் குறித்துவைக்கலாம். பத்து வேலை நாள் என்பது ஏறத்தாழ இரண்டு வாரம். அனுப்பியவர் யாரென்றே தெரியாவிட்டால் இணைப்பைத் தொடாமல் இருப்பதே மேல். முகவரி உயிரோடு இருக்கிறது என்று மோசடிக்காரருக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஒரு நிறுவனம் தம்மைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறது, கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தியது, யாருக்குக் கொடுத்தது என்று எழுத்தில் கேட்கச் சட்டம் உரிமை தருகிறது. கேள்வியை அந்த நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தகவலைத் தேடி எடுத்துத் தர நியாயமான கட்டணம் கேட்க நிறுவனத்துக்கு அனுமதி உண்டு. முப்பது நாளில் தர முடியாவிட்டால், எப்போது தருவோம் என்பதையாவது அதற்குள் சொல்ல வேண்டும். பதிலே வராவிட்டால், அனுப்பிய கேள்வியையும் வந்த மின்னஞ்சல்களையும் இணைத்துத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம்.